கார் லோன்: 5 வருஷமா 7 வருஷமா, கணக்குப் போட்டுப் பாத்தா

ஷோரூம்ல ஃபைனான்ஸ் டெஸ்க்ல உக்காந்தா மொதல்ல வர்ற கேள்வி "சார், மாசம் எவ்ளோ கட்ட முடியும்?" தான். வட்டி எவ்ளோ, மொத்தம் எவ்ளோ ஆகும்னு யாரும் ஆரம்பிக்கிறதில்ல. நீங்க 13 ஆயிரம்னு சொன்னா அந்த 13 ஆயிரத்துக்குள்ள வர்ற மாதிரி டெனூரை இழுத்து 84 மாசம்னு போட்டு நீட்டுவாங்க, நமக்கும் அப்பாடா பட்ஜெட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு இருக்கும். போன மாசம் என் மச்சினனுக்கும் அப்படித்தான் ஒரு பேப்பர் வந்துச்சு. ஓசூர்ல கம்பெனி வேலை, வயசான பெத்தவங்க ரெண்டு பேரும் உசிலம்பட்டில, ஒரு பையன் யூகேஜி. "மாமா, 7 வருஷம் போட்டுரலாமா, 5 வருஷம்னா கொஞ்சம் இறுக்குது"ன்னு ஃபோன் பண்ணான். நான் உடனே பதில் சொல்லல, பேப்பரை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி கணக்குப் போட்டுப் பாத்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்க விரிவா எழுதுறேன், ஏன்னா இதுல நிறைய பேர் பாக்காத ஒரு விஷயம் இருக்கு.

அவன் பாத்த காரோட எக்ஸ் ஷோரூம் விலை 8 லட்சத்து 20 ஆயிரம். தமிழ்நாட்டுல 5ல இருந்து 10 லட்சத்துக்குள்ள இருக்கற காருக்கு லைஃப் டாக்ஸ் 13 சதவீதம், அதோட இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேந்து ஆன் ரோடு சுமாரா 9 லட்சத்து 80 ஆயிரம். கையில சேத்து வச்சிருந்தது 1 லட்சத்து 80 ஆயிரம், அப்ப லோன் 8 லட்சம், வட்டி 9 சதவீதம், ஃபிக்சட் ரேட்.

இதை எக்செல்லயோ கூகுள் ஷீட்லயோ நீங்களே போட்டுப் பாக்கலாம், இவ்ளோதான்:

```
=PMT(9%/12, 84, -800000)
```

84ங்கறது மாசக் கணக்கு, அதை 36, 60ன்னு மாத்தி மாத்திப் போட்டா இஎம்ஐ வந்துடும். 3 வருஷம்னா இஎம்ஐ 25,440, மொத்த வட்டி 1 லட்சத்து 16 ஆயிரம் பக்கம். 5 வருஷம்னா 16,607, வட்டி 1 லட்சத்து 96 ஆயிரம். 7 வருஷம்னா 12,871, வட்டி 2 லட்சத்து 81 ஆயிரம்.

இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 3 வருஷத்துல இருந்து 5 வருஷத்துக்குப் போனா வட்டி கிட்டத்தட்ட 80 ஆயிரம் கூடுது, ஆனா மாசம் 8,833 ரூபா மிச்சமாகுது, அது ஒரு குடும்பத்துக்குப் பெரிய காசு, நிஜமான நிம்மதி. அதே மாதிரி 5ல இருந்து 7க்குப் போனாலும் வட்டி இன்னொரு 85 ஆயிரம் கூடுது, ஆனா இந்தத் தடவ மாசம் கொறையறது வெறும் 3,736 ரூபா. அதே ரெண்டு வருஷம் தள்ளிப் போடறோம், கூடுதலா குடுக்குற வட்டியும் கிட்டத்தட்ட அதே, ஆனா கிடைக்கிற நிம்மதி பாதிக்கும் கம்மி. 7 வருஷ பேப்பரைப் பாக்கும்போது இது கண்ணுல படாது, ஏன்னா அதுல 12,871ங்கற ஒரே நம்பர்தான் பெருசா அடிச்சிருக்கும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா காரணம் ரொம்ப எளிசு. 8 லட்சத்துக்கு 9 சதவீதம்னா மொத மாச வட்டி மட்டும் 6,000 ரூபா. டெனூர் எவ்ளோ இழுத்தாலும் இந்த 6,000 கொறையாது, நீங்க 20 வருஷம் போட்டாலும் மொத மாசம் 6,000 வட்டி கட்டித்தான் ஆகணும். டெனூரை நீட்டினா கொறையறது அசல் கட்டுற பங்கு மட்டும்தான். 3 வருஷ லோன்ல மொத இஎம்ஐ 25,440ல 19 ஆயிரத்துக்கு மேல அசலுக்குப் போகுது, 5 வருஷத்துல 10,600 போகுது, 7 வருஷத்துல 12,871 கட்டினா அதுல 6,871 தான் அசல். கிட்டத்தட்ட சரிபாதி வட்டி. இன்னும் நீட்ட நீட்ட இஎம்ஐ அந்த 6,000 பக்கமா மெதுவா நகருமே தவிர அதுக்குக் கீழ வரவே வராது.

இதோட இன்னொரு பக்கம் இருக்கு, அதைத்தான் நான் மச்சினன்கிட்ட ரொம்ப நேரம் பேசினேன். அசல் மெதுவா கொறையுது, ஆனா கார் மதிப்பு மெதுவா கொறையாது.

7 வருஷ லோன்ல சரியா 3 வருஷம் கட்டி முடிச்ச நாளை எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் அவன் கட்டினது 4 லட்சத்து 63 ஆயிரம் ஆகியிருக்கும், அசல்ல கொறைஞ்சது 2 லட்சத்து 83 ஆயிரம்தான், இன்னும் பாக்கி 5 லட்சத்து 17 ஆயிரம். இப்ப இன்சூரன்ஸ் பக்கம் வாங்க. பாலிசில ஐடிவின்னு ஒரு தொகை போட்டிருக்கும், கார் திருடு போனாலோ ரிப்பேரே பண்ண முடியாத அளவுக்கு அடிபட்டு டோட்டல் லாஸ் ஆனாலோ கம்பெனி அந்தத் தொகையைத்தான் குடுக்கும். அதை எக்ஸ் ஷோரூம் விலையில இருந்து வயசுக்கு ஏத்த மாதிரி கழிப்பாங்க, ரோடு டாக்ஸ் கட்டின காசு இதுல சேராது. பொதுவா பின்பத்துற அட்டவணைப்படி 2 முடிஞ்சு 3 வருஷம் வரைக்கும் 30 சதவீதம் கழியும், 3 முடிஞ்சு 4 வரைக்கும் 40 சதவீதம், 4ல இருந்து 5 வரைக்கும் 50 சதவீதம். அப்ப இவனோட 8 லட்சத்து 20 ஆயிரம் கார் நாலாவது வருஷ பாலிசில 4 லட்சத்து 92 ஆயிரம்.

பேங்க்ல பாக்கி 5.17, இன்சூரன்ஸ் குடுக்கப் போறது 4.92. ஆர்சில ஹைப்பாதிகேஷன், அதாவது கார் மேல கடன் இருக்குங்கற பதிவு, பேங்க் பேர்ல இருக்கறதால அந்தக் காசு மொதல்ல பேங்க்குக்குத்தான் போகும், அதுக்கு மேல 25 ஆயிரம் நம்ம கையில இருந்து போட்டு லோனை மூடணும், கார் இல்லாம. அதே 5 வருஷ லோனா இருந்தா அன்னிக்கு பாக்கி 3 லட்சத்து 63 ஆயிரம்தான், லோன் மூடி போக 1 லட்சத்து 28 ஆயிரம் பக்கம் கையில வரும், அதை வச்சு அடுத்த காருக்கு டவுன் பேமெண்ட் யோசிக்கலாம். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு ஒரு ஆட் ஆன் இருக்கு, அது எடுத்தா இன்வாய்ஸ் விலை வரைக்கும் கிடைக்கும், ஆனா அதைக் கார் பழசானா குடுக்க மாட்டாங்க, நிறைய கம்பெனில மொத சில வருஷத்தோட நிறுத்திருவாங்க, இந்த இடைவெளி பெருசா இருக்கற நேரத்துல அது கைகுடுக்குமான்னு பாலிசியைப் படிச்சாத்தான் தெரியும்.

விபத்து வேண்டாம், விக்கணும்னு தோணுச்சுன்னாலும் இதே கதைதான். வேலை மாறி சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போறோம், காரை வித்துரலாம்னா, லோனை மூடி பேங்க்ல என்ஓசியும் ஃபார்ம் 35ம் வாங்கி ஆர்டிஓல ஹைப்பாதிகேஷனை எடுத்தாத்தான் ஆர்சி சுத்தமாகும். வாங்க வர்றவங்க குடுக்குற விலை பாக்கியை விட அதிகமா இருந்தா பிரச்சனையில்ல. நல்லா ஓடுற மாடல்னா ஐடிவியை விட மார்க்கெட்ல கூடவே கிடைக்கும், மறுக்கல. ஆனா பாக்கியும் விலையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா பேரம் பேசுற தெம்பே நமக்கு இருக்காது.

அப்புறம் 6வது 7வது வருஷம். மச்சினன் மாசம் 700 கிலோமீட்டர் ஓட்டுவான், 5 வருஷத்துல 42 ஆயிரம். அப்ப டயர் நாலும் மாத்துற நேரம், பேட்டரி மாத்தியிருப்பான் இல்ல மாத்தணும், சஸ்பென்ஷன்ல சத்தம் வர ஆரம்பிக்கும், வாரண்டி முடிஞ்சு போயிருக்கும். 5 வருஷ லோன்காரனுக்கு அந்த நேரத்துல இஎம்ஐ நின்னு போயிருக்கும், அந்தக் காசுல இதெல்லாம் பாத்துக்கலாம். 7 வருஷக்காரனுக்கு இஎம்ஐயும் ரிப்பேரும் சேந்து வரும்.

இதையெல்லாம் படிச்சிட்டு அப்ப 3 வருஷமே போட்டுரலாம்னு கிளம்பிடாதீங்க. என்கூட வேல பாத்த ஒருத்தர் அப்படித்தான் வட்டி மிச்சம்னு 36 மாசம் போட்டாரு, சம்பளத்துல இஎம்ஐ போக மாசக் கடைசில ஒண்ணும் நிக்காது. ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்துச்சு, 1 லட்சம் கிரெடிட் கார்டுல தேய்ச்சாரு, திருப்பிக் கட்ட முடியாம மினிமம் டியூ கட்டிக்கிட்டே வந்தாரு. கார்டு வட்டி மாசம் மூணரை சதவீதம்னு வச்சுக்கோங்க, 1 லட்சத்துக்கு மாசம் 3,500, ஜிஎஸ்டி தனி. ரெண்டு வருஷம் அப்படியே ஓடினா 84 ஆயிரம். 3 வருஷம் எடுத்து அவரு மிச்சம் புடிச்சதா நெனச்ச 80 ஆயிரமும் கார்டு கம்பெனிக்குப் போயிடுச்சு. 9 சதவீத கடனை வேகமா அடைக்கறதுக்காக 42 சதவீத கடன் வாங்குற நெலம வரும்னா அந்த டெனூர் தப்பு, சின்ன டெனூர்ங்கறதுக்காக அது நல்ல டெனூர் ஆகிடாது. மாசம் மூச்சு விட கொஞ்சம் காசு நிக்கணும், அது ஆடம்பரம் இல்ல, அந்த லோன் ஒழுங்கா ஓடறதுக்கே அதுதான் காப்பு.

அதனால மச்சினனோட மாச கணக்கை எடுத்தோம். கைக்கு வர்றது 75 ஆயிரம். வாடகை 14, வீட்டுச் செலவு 18, ஊருக்கு அனுப்பறது 8, பையன் ஸ்கூல் ஃபீஸை மாசமா பிரிச்சா 5, சீட்டு 5, ஆக 50 ஆயிரம் போயிடும், நிக்கறது 25. இதை வச்சுத்தான் அவன் 16,607 கட்டலாம் ஆனா இறுக்கும்னு சொன்னான், உண்மையில இறுக்கறது இல்ல, முடியவே முடியாது, ஏன்னா கார் ஓடற செலவை அவன் சேக்கல. 700 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 16 குடுத்தா 44 லிட்டர் பெட்ரோல், 4,500 ரூபா. இன்சூரன்ஸ் வருஷம் 30 ஆயிரம்னா மாசம் 2,500. சர்வீஸ், டயருக்கு ஒதுக்கி வைக்க 1,500. ஆக 8,500. இப்ப நிக்கறது 16,500. 5 வருஷ இஎம்ஐ 16,607, நூறு ரூபா துண்டு விழுது. 7 வருஷம்னா 12,871 போக 3,600 நிக்கும்.

"பாத்தீங்களா மாமா, அதான் 7 வருஷம்"னான். அவன் சொன்னது நியாயம்தான், அந்த 3,600 இல்லாம அவனால இருக்க முடியாது. ஆனா அந்த 3,600ஐ எடுக்க டெனூர் ஒண்ணுதான் வழியா?

"மாப்ள, நீ கேட்டது டாப் வேரியண்ட், அதுக்கு ஒரு படி கீழ உள்ளது ஆன் ரோடு எவ்ளோ?"ன்னு கேட்டேன். 1 லட்சத்து 10 ஆயிரம் கம்மி, 8 லட்சத்து 70 ஆயிரம். சன்ரூஃபும் அலாய் வீலும் இருக்காது, இன்ஜின் அதேதான், ஏர்பேக் எண்ணிக்கையும் அதேதான், அதைக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டோம். தீபாவளி போனஸ் 40 ஆயிரம் செலவாகாம இருந்துச்சு, அதையும் டவுன் பேமெண்ட்ல சேத்தா 2 லட்சத்து 20 ஆயிரம். லோன் 6 லட்சத்து 50 ஆயிரம். அதுக்கு 5 வருஷம், அதே 9 சதவீதம்னா இஎம்ஐ 13,493, மொத்த வட்டி 1 லட்சத்து 60 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழ.

அதாவது 7 வருஷ இஎம்ஐக்கும் இதுக்கும் மாசம் 622 ரூபா தான் வித்தியாசம். கையில நிக்கறது 3,000. ரெண்டு வருஷம் முன்னாடியே முடியுது, வட்டில 1 லட்சத்து 21 ஆயிரம் மிச்சம். 3 வருஷம் முடிஞ்சு பாக்கி 2 லட்சத்து 95 ஆயிரம் இருக்கும், கார் ஐடிவி அதை விட நல்லா மேல இருக்கும். 2 லட்சம் எஃப்டி ஒண்ணு வச்சிருக்கான், அதையும் உடைச்சுப் போடட்டுமான்னு கேட்டான், நான் வேண்டாம்னுட்டேன். அந்த எஃப்டி கார் லோனை விட கம்மியா வட்டி குடுக்கும், கணக்குப்படி போட்டா லாபம்தான், ஆனா மூணு மாசம் சம்பளம் வரலைன்னா குடும்பத்தை ஓட்டறது அந்தக் காசுதான், அதைக் காருக்குள்ள போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது.

7 வருஷம் போட்டுட்டு கையில காசு வரும்போது சேத்துக் கட்டி சீக்கிரம் முடிச்சிடலாமே, ரெண்டு பக்கமும் லாபம் இல்லையான்னு நிறைய பேர் கேப்பாங்க. இந்த யோசனை சில லோன்ல ரொம்ப நல்ல யோசனை, சில லோன்ல வேலைக்கே ஆகாது. பிரிக்கறது வட்டி கடைசி வரைக்கும் மாறாத ஃபிக்சட்டா, நடுவுல ஏறி எறங்குற ஃப்ளோட்டிங்காங்கறதுதான். தனிநபர் சொந்த உபயோகத்துக்கு வாங்குற ஃப்ளோட்டிங் ரேட் லோனை முன்கூட்டியே அடைச்சா பேங்க் சார்ஜ் போடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2014லயே சொல்லிடுச்சு. அரசுடைமை பேங்க் சிலதுல கார் லோன் ஃப்ளோட்டிங்ல கிடைக்கும். அங்க 84 மாசம் போட்டுட்டு மாசம் 3,736 கூடுதலா கட்டினா சரியா 60 மாசத்துல முடிஞ்சிடும், 5 வருஷ லோனுக்கு ஆகற வட்டிதான் ஆகும், நடுவுல ஒரு மாசம் கஷ்டம்னா 12,871 மட்டும் கட்டினாப் போதும். ரேட் ரெண்டு டெனூருக்கும் ஒண்ணா இருந்து, சம்பளம் வந்த மறுநாளே அந்தக் கூடுதல் தொகை தானா லோன் அக்கவுண்டுக்குப் போற மாதிரி செட் பண்ணவும் முடிஞ்சா நான் தாராளமா 7 வருஷம் எடுக்கச் சொல்லுவேன். கையில மிஞ்சினா கட்டுவோம்னு விட்டா மிஞ்சாது.

ஆனா தனியார் பேங்க்ல கார் லோன் பெரும்பாலும் ஃபிக்சட். அங்க மொத 12 இஎம்ஐ முடியாம பார்ட் பேமெண்ட் வாங்க மாட்டோம், வருஷத்துக்கு ஒரு தடவதான், பாக்கில 25 சதவீதத்துக்கு மேல கட்டக்கூடாது, கட்டுற தொகைக்கு இத்தனை சதவீதம் சார்ஜ், அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு இந்த மாதிரி கண்டிஷன் இருக்கும். அங்க மாசாமாசம் 3,736 சேத்துக் கட்டுற வேலையே நடக்காது. இதையெல்லாம் வாயால சொல்றதை நம்ப வேண்டாம், 2024 அக்டோபர்ல இருந்து பேங்க்ல தனிநபர் வாங்குற லோனுக்கெல்லாம் கேஎஃப்எஸ்னு ஒரு தாள் குடுத்தே ஆகணும், முன்கூட்டி மூடினா என்ன சார்ஜ்னு அதுல ஒரு வரி இருக்கும், ஏபிஆர்னு எல்லா கட்டணமும் சேந்த வருஷ வட்டியும் இருக்கும். கையெழுத்துக்கு முன்னாடி அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க.

அந்த ஏபிஆரைப் பாக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மச்சினன் வேற ஒரு ஃபைனான்ஸ்லயும் கேட்டான், "9 எல்லாம் எதுக்கு சார், நாங்க 5 சதவீதத்துல தர்றோம்"னாங்க. அது ஃப்ளாட் ரேட். 8 லட்சத்துக்கு வருஷம் 40 ஆயிரம் வட்டி, 7 வருஷத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம். மேல நாம போட்ட 9 சதவீதக் கணக்குல 7 வருஷ வட்டி எவ்ளோ? 2 லட்சத்து 81 ஆயிரம். ரெண்டும் ஒண்ணுதான், 5ன்னு கேக்கும்போது பாதி மாதிரி காதுல விழுது அவ்ளோதான். நாம அசலைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கிட்டே வர்றோம், ஃப்ளாட்ல கடைசி மாசம் வரைக்கும் முழு 8 லட்சத்துக்கும் வட்டி போடறாங்க. ஃப்ளாட்டா, இல்ல பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி போடற ரெட்யூசிங்கான்னு கேக்காம எந்த ரெண்டு பேப்பரையும் ஒப்பிட முடியாது.

மச்சினன் கடைசில எடுத்தது ஃபிக்சட், 6.5 லட்சம், 60 மாசம். அவன் போட்டிருக்கற 1 லட்ச ரூபா சீட்டு அடுத்த வருஷம் முடியுது, அதுக்குள்ள 12 இஎம்ஐயும் தாண்டியிருக்கும். அப்ப பாக்கி 5 லட்சத்து 42 ஆயிரம், 25 சதவீத வரம்புக்குள்ள 1 லட்சம் தாராளமா கட்டலாம். இவன் பேங்க்ல அதுக்கு 5 சதவீதம் சார்ஜ், ஜிஎஸ்டியோட 5,900 ரூபா. கட்டும்போது பேங்க் ரெண்டு விதமா பண்ணலாம், இஎம்ஐயைக் கொறைக்கலாம் இல்ல டெனூரைக் கொறைக்கலாம். இஎம்ஐயைக் கொறைச்சா மாசம் 11,004 ஆகும், மிச்சமாகற வட்டி 19 ஆயிரம் பக்கம். இஎம்ஐயை அப்படியே 13,493லயே வச்சு டெனூரைக் கொறைச்சா 10 மாசம் முன்னாடி முடியும், மிச்சம் 38 ஆயிரம், சார்ஜ் போனாலும் 32 ஆயிரம் நிக்கும். சீட்டு முடிஞ்சதும் அந்த 5,000மும் மாசாமாசம் கையில நிக்கப் போறதால அவனுக்கு இஎம்ஐ கொறையணும்ங்கற தேவை அப்ப இருக்காது. ஆனா சும்மா காசைக் கட்டிட்டு வந்தா அவங்களுக்கு எது வசதியோ அப்படிப் போட்டுருவாங்க, அதனால பிராஞ்சுக்குப் போகும்போதே "டெனூரைக் குறைக்கவும், இஎம்ஐ மாற வேண்டாம்"னு எழுதிக் குடுத்து, கையோட புது ரீபேமெண்ட் ஷெட்யூல் பிரிண்ட் வாங்கிட்டு வான்னு சொல்லியிருக்கேன்.